மாற்றிய முகத்தை எதைக் கொண்டு ஒட்டுவது: ஃபெதரிங், பாய்சான், லாப்லாசியன் பிரமிட்

சண்டைக் காட்சி ஒன்று. டூப் கலைஞர் படிக்கட்டில் உருண்டு விழுந்து, எழுந்து, கேமராவை நேராகப் பார்க்கிறார். அந்த ஒன்றரை விநாடியில், அதாவது 36 ஃப்ரேமில், அவர் முகம் இருக்கும் இடத்தில் நடிகரின் முகம் இருக்க வேண்டும். இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகுதான் வேலை என்னிடம் வந்தது. முகத்தை மாற்றும் மாடல் தன் பங்கைச் சரியாகவே செய்திருந்தது. கண் சிமிட்டுவதும் உதடு அசைவதும் பொருந்தியிருந்தன. ஆனால் அந்த முகத்தை ஃப்ரேமில் வைத்ததும், கன்னத்தின் ஓரத்தில், முகத்தை எது வரை எடுப்பது என்று வரையறுக்கும் மாஸ்க் முடியும் இடம் கோடாகத் தெரிந்தது. முகம் நன்றாக இருக்கிறது, படமும் நன்றாக இருக்கிறது, இரண்டும் சேரும் இடம்தான் காட்டிக்கொடுக்கிறது.

இந்தச் சேர்க்கைக்குப் பொதுவாக மூன்று வழிகள் கையில் இருக்கின்றன. மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கிக் கலக்கும் ஃபெதரிங் ஒன்று. பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்து ஒட்டுவது இன்னொன்று. படத்தைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி அகலத்தில் கலக்கும் லாப்லாசியன் பிரமிட் மூன்றாவது. நான் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் எடுக்கிறேன். ஆனால் அதை எடுத்தால் மட்டும் போதாது. எத்தனை அடுக்கு, மாஸ்க்குக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத் தவறான பதில் வைத்தால், அதன் விளைவு சாதாரண ஃபெதரிங்கை விட மோசமாக இருக்கும்.

முதலில் கன்னத்தில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். 1920×1080 ஃப்ரேமில் முகம் சுமார் 320 பிக்சல் அகலம். அதைச் சுற்றி 512×512 சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டேன். கன்னத்தின் ஓரத்தில் மாற்றிய முகத்தின் வெளிச்ச அளவு 150, டூப்பின் தோல் 170 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20. இதன் மேல் தோல் துளைகள், மயிர்க்கால்கள், சின்னச் சின்னப் பளபளப்புகள் என்று இரண்டு மூன்று பிக்சல் அளவிலான விவரங்கள் இரு முகங்களிலும் இருக்கின்றன. ஆக, ஒட்ட வேண்டியது இரண்டு வகைச் சரக்கு: மெதுவாக மாறும் வெளிச்சமும் நிறமும் ஒன்று, வேகமாக மாறும் நுண்விவரம் மற்றொன்று.

ஃபெதரிங்கில் இந்த இரண்டுக்கும் ஒரே அகலம்தான். 8 பிக்சலில் கலந்தால் பிக்சலுக்கு 2.5 வீதம் வெளிச்சம் ஏறுகிறது. வழுவழுப்பான கன்னத்தில் அந்த ஏற்றம் ஒரு பட்டையாகக் கண்ணில் படும், முகம் அசையும்போது இன்னும் அதிகமாகப் படும். சரி, 70 பிக்சலுக்கு அகலப்படுத்தினால் பட்டை மறைகிறது. ஆனால் அந்த 70 பிக்சல் முழுவதும் இரண்டு தோல்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதிப் பாதியாகத் தெரியும். டூப்பின் தாடி முடி, கன்னத்து மச்சம், காதோர மயிர் எல்லாம் பாதி அழிந்த மாதிரி நிற்கும். இரண்டு முகங்களின் தோல் விவரமும் சராசரியாகிப் போவதால் அந்த வட்டாரம் மட்டும் மழுங்கிய தோற்றம் கொள்ளும். குறுகலாக வைத்தால் கோடு, அகலமாக வைத்தால் இரட்டைத் தோல். இடையில் எங்கே நிறுத்தினாலும் இரண்டிலும் கொஞ்சம் கிடைக்கும்.

பாய்சான் வழி 2003-இல் பெரெஸ், காங்னே, பிளேக் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. ஓபன்சிவியில் அது `cv2.seamlessClone` என்ற பெயரில் இருக்கிறது. முகத்தின் பிக்சல் மதிப்புகளை எடுக்காமல், பிக்சலுக்குப் பிக்சல் ஏற்படும் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மாஸ்க்கின் எல்லையில், டூப் இருக்கும் அடிப்படத்தின் நிறத்தை அப்படியே நிலைநிறுத்தி, உள்ளே அந்த மாற்றங்கள் முடிந்தவரை மாறாதபடி மதிப்புகளைக் கணக்கிடுகிறது. ஆகவே அந்த 20 வித்தியாசம் எல்லையில் மட்டுமின்றி முகம் முழுவதும் சரியாகிவிடும். ஒற்றைப் படத்தில், எல்லை முழுவதும் வெறும் தோலில் ஓடுகிறது என்றால், இதைவிட அழகாக ஒட்டும் வழி எனக்குத் தெரியாது.

சிக்கல் எல்லை தோலை விட்டு நகரும்போது வருகிறது. எங்கள் ஷாட்டில் டூப் எழுந்ததும் நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுகிறது. நாலைந்து ஃப்ரேமில் மாஸ்க்கின் எல்லை அந்தக் கறுப்பு முடியின் மேல் போகிறது. எல்லையில் இருக்கும் கறுப்பு உள்ளே பரவி, நெற்றி முழுக்க நிழல் விழுந்தது போல ஆனது. அடுத்த ஃப்ரேமில் முடி விலகியதும் நெற்றி பளிச்சென்று ஆனது. தலை திரும்பியபோது தாடையோரம் எல்லை பின்னாலிருந்த ஜன்னலைத் தொட்டது, அந்தக் கன்னம் வெளுத்தது. எல்லையின் ஒரு மூலையில் நடப்பது முகத்தின் நடுப்பகுதி வரை எட்டுவது இந்த முறையின் இயல்பு. வீடியோவில் அது துடிப்பாகத் தெரியும். அப்புறம் இன்னொரு சின்னத் தொல்லை: `seamlessClone` மாஸ்க்கைச் சூழ்ந்த செவ்வகத்தின் மையத்தை, நாம் கொடுக்கும் புள்ளியில் வைக்கிறது. மாஸ்க்கின் வடிவம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சற்று மாறினால் முகமே ஒரு பிக்சல் இங்கும் அங்கும் குதிக்கும். செவ்வகத்தின் மையத்தை ஒவ்வொரு ஃப்ரேமிலும் நாமே கணக்கிட்டுக் கொடுத்தால்தான் அது நிற்கும்.

லாப்லாசியன் பிரமிடை 1983-இல் ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் அடெல்சனும் கொண்டுவந்தார்கள். பாதி ஆப்பிளையும் பாதி ஆரஞ்சையும் ஒரே பழமாக ஒட்டிய அவர்களுடைய படம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதன் யோசனை எளிது. படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிப் பாதி அளவாகச் சுருக்குங்கள். அதையே திரும்பப் பெரிதாக்கி மூலப்படத்திலிருந்து கழித்தால், சுருக்கியதில் தொலைந்த நுண்விவரம் மட்டும் மிஞ்சும். அது ஒரு பட்டை. சுருக்கிய படத்தில் இதையே மீண்டும் செய்தால் அடுத்த பட்டை. கடைசியில் மிஞ்சும் சின்ன மங்கல் படத்தில் வெளிச்சமும் நிறமும் மட்டும் இருக்கும். அதை அடித்தட்டு என்று சொல்லிக்கொள்வோம். மாஸ்க்கையும் இதேபோலச் சுருக்கிக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு பட்டையையும் அந்தந்த அளவு மாஸ்க்கால் கலந்து, கீழிருந்து மேலாகக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒட்டிய படம் கிடைக்கும்.

```python
def blend(src, dst, mask, n=4):   # mask: 0–1, 3 channels
    a, b, m = [x.astype(np.float32) for x in (src, dst, mask)]
    out = []
    for _ in range(n):
        a2, b2, m2 = cv2.pyrDown(a), cv2.pyrDown(b), cv2.pyrDown(m)
        size = (a.shape[1], a.shape[0])
        la = a - cv2.pyrUp(a2, dstsize=size)
        lb = b - cv2.pyrUp(b2, dstsize=size)
        out.append(m * la + (1 - m) * lb)
        a, b, m = a2, b2, m2
    r = m * a + (1 - m) * b
    for lap in reversed(out):
        r = cv2.pyrUp(r, dstsize=(lap.shape[1], lap.shape[0])) + lap
    return np.clip(r, 0, 255).astype(np.uint8)
```

மாஸ்க் சுருங்கச் சுருங்க அதன் ஓரம் தானாகவே மங்குகிறது. முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. `pyrDown` பயன்படுத்துவது 1, 4, 6, 4, 1 என்ற எடைகளைப் பதினாறால் வகுத்த வடிகட்டி. ஒரு முறை ஓடினால் ஒரு பிக்சல் சிக்மா, அதாவது ஒரு பிக்சல் நியமவிலக்கம், அளவுக்கு மங்கும். அடுத்த முறை ஓடும்போது படம் பாதியாகிவிட்டதால், அதே ஒரு பிக்சல் மூலப்படத்தின் கணக்கில் இரண்டு பிக்சல். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் k முறை சுருக்கிய மாஸ்க்கின் சிக்மா √((4ᵏ−1)/3) என்று வரும். மூன்றாவது அடுக்கில் 4.6 பிக்சல், நான்காவதில் 9.2, ஐந்தாவதில் 18.5. மாஸ்க்கின் ஓரத்திலிருந்து இரு பக்கமும் இரண்டு சிக்மா வரை கலவை நடப்பதாக எடுத்துக்கொண்டால், மொத்த அகலம் முறையே 18, 37, 74 பிக்சல்.

இப்போது நம் கன்னத்துக்கு வருவோம். 20 என்ற மாறாத வெளிச்ச வித்தியாசம் மேல் பட்டைகள் எதிலும் இல்லை. ஒரே சீரான மதிப்பிலிருந்து அதன் மங்கலைக் கழித்தால் பூச்சியம்தானே. அது முழுக்க அடித்தட்டில் கிடக்கிறது, நான்கு அடுக்கு என்றால் 37 பிக்சலில் பரவுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில்கூட பிக்சலுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே ஏறும். தோல் துளைகளோ முதல் இரண்டு பட்டைகளில் இருக்கின்றன. அவை மாறும் அகலம் நாலு பிக்சலைத் தாண்டாது. ஆகவே டூப்பின் மயிர்க்கால் பாதி அழிந்து நிற்பதில்லை. ஃபெதரிங்கில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு தேவைகளும் இங்கே ஒன்றாக நிறைவேறுகின்றன.

எத்தனை அடுக்கு என்பதுதான் உண்மையான முடிவு. படம் ஒரு பிக்சல் ஆகும் வரை சுருக்கலாம் என்று சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு அது ஆகாது. நானும் முதலில் ஆறு அடுக்கு வைத்தேன். கோடு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் நடிகரின் புருவத்துக்கு மேலே மங்கலான இன்னொரு புருவம் தெரிந்தது. உதட்டோரம் டூப்பின் மீசை நிழலாட்டம் ஆடியது. நடிகரின் முகம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மூன்றாவது ஆள் அங்கே நின்றார். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஆறாவது அடுக்கில் சிக்மா 37, மாஸ்க்கின் ஓரத்திலிருந்து உள்நோக்கி 74 பிக்சல் வரை அடிப்படம் கலக்கிறது. முகமே 320 பிக்சல்தான். இரு பக்கமும் 74 போனால் கண், புருவம், வாயோரம் எல்லாம் அந்தப் பரப்புக்குள் வந்துவிடும்.

அதனால் அடுக்கை நான் படத்தின் அளவை வைத்து முடிவு செய்வதில்லை, மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் இடத்தை வைத்தே முடிவு செய்கிறேன். இரண்டு தூரங்களை அளக்க வேண்டும். மாஸ்க்கின் ஓரத்திலிருந்து உள்ளே, அடையாளம் சொல்லும் முதல் உறுப்பு வரை எவ்வளவு? இந்த ஷாட்டில் புருவ முனை வரை சுமார் 25 பிக்சல். ஓரத்திலிருந்து வெளியே, மாற்றிய முகத்தின் நம்பகமான பிக்சல்கள் முடியும் இடம் வரை எவ்வளவு? மாஸ்க்கை 20 பிக்சல் உள்ளே அரித்திருந்ததால் 20. இரண்டில் சிறியது 20. இரண்டு சிக்மா என்பது கிட்டத்தட்ட 1.15 × 2ᵏ. நான்காவது அடுக்குக்கு 18, அடங்குகிறது. ஐந்தாவதுக்கு 37, அடங்காது. ஆக நான்கு. இதே ஷாட் 4கே-யில் வந்தால் எல்லாத் தூரமும் இரட்டிப்பாகும், ஒரு அடுக்கு கூடும். தூரத்தில் நின்று முகம் 80 பிக்சல் அகலமே இருக்கும் ஃப்ரேமில் இரண்டு அடுக்குதான் தாங்கும். அங்கே பிரமிடுக்கும் நல்ல ஃபெதரிங்குக்கும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு இருக்காது.

மாஸ்க்குக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. முகத்தைத் திருப்பி ஃப்ரேமில் பொருத்தும் கட்டம் பெரும்பாலும் முகத்தைச் சுற்றிக் கறுப்பை விட்டுவிடும். ஃபெதரிங்கில் அது பாதகமில்லை, மாஸ்க் பூச்சியமாக இருக்கும் இடத்தை யாரும் படிப்பதில்லை. பிரமிடில் அப்படியில்லை. சுருக்கும்போதே கறுப்பு, முகத்தின் தோலோடு கலந்துவிடுகிறது. மாஸ்க்கின் ஓரம் கறுப்பிலிருந்து 5 பிக்சல் மட்டும் உள்ளே இருந்தால், நான்காவது அடுக்கின் அடித்தட்டில் அந்த ஓரத்தில் சுமார் 29 சதவீதம் கறுப்பு. 150 இருக்க வேண்டிய தோல் 106 ஆகிவிடும். மேல் பட்டைகள் மாஸ்க்குக்கு உள்ளே அதை ஓரளவு ஈடுகட்டும். வெளியே அந்தப் பட்டைகள் சீக்கிரமே நின்றுவிடுவதால் இருட்டு மட்டும் மிஞ்சும். தாடையைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஒரு வளையம் வரும். அடுக்கு கூடக் கூட வளையம் அகலமாகும். அது இதனால்தானா என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது: கறுப்புக்குப் பதில் வெள்ளையை நிரப்பி மறுபடி ஓட்டுங்கள். வளையம் வெளிச்சமாக மாறினால் காரணம் அதுதான்.

தீர்வு ஒரே வரி. மாற்றிய முகத்தில் பிக்சல் இல்லாத இடமெல்லாம் அடிப்படத்தையே நிரப்பிவிட வேண்டும்.

```python
filled = np.where(valid[..., None] > 0, src, dst)
```

இது சரியாக வேலை செய்வதற்கு நல்ல காரணம் உண்டு. இரண்டு படங்களும் ஒன்றாக இருக்கும் வட்டாரத்தில் அவற்றின் பட்டைகளும் ஒன்றாகவே இருக்கும். அங்கே மாஸ்க்கின் மதிப்பு என்னவாக இருந்தாலும் விடை அடிப்படம்தான். பின்னால் ஜன்னல் வெளிச்சமாக இருந்தாலும் கவலையில்லை, அந்த வெளிச்சம் இரு பக்கமும் இருக்கிறது. பாய்சானில் கன்னத்தை வெளுக்க வைத்த அதே ஜன்னல் இங்கே தொந்தரவு செய்யவில்லை. நிரப்பும் இடத்தில் 150-க்கும் 170-க்கும் இடையே ஒரு படி விழும். ஆனால் மாஸ்க்கை 20 பிக்சல் உள்ளே அரித்திருப்பதால், நுண்பட்டைகளின் மாஸ்க் அந்தப் படியை எட்டாது. அடித்தட்டு அருகில் போகும், ஆனால் அங்கே படியே மங்கிச் சரிவாகிவிட்டிருக்கும்.

பாய்சான் செய்வதைப் பிரமிட் செய்யாது என்ற ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கன்னத்தின் ஓரத்தில் 20 வித்தியாசம் இதமாகக் கரைகிறது, ஆனால் மூக்கும் நெற்றி நடுவும் நடிகரின் நிறத்திலேயே இருக்கும். வித்தியாசம் சிறிதாக இருந்தால் பரவாயில்லை. பெரிதாக இருந்தால் முகம் முகமூடி போலத் தெரியும், ஓரத்தில் எந்தக் கோடும் இல்லாமலேயே. அதைச் சரிக்கட்ட அடுக்கைக் கூட்டக் கூடாது. கூட்டினால் அந்த இரண்டாவது புருவம் வந்துவிடும். பிரமிடுக்கு முன்பே லேப் நிறவெளியில், மாஸ்க்குக்கு உள்ளே இருக்கும் தோலின் சராசரியையும் பரவலையும் டூப்பின் முகத்தோடு பொருத்திவிட வேண்டும். கண்களையும் வாயையும் தவிர்த்துத் தோலை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இன்னும் நிலையாக இருக்கும். அந்தச் சராசரியை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தனித்தனியாக விடாமல் ஏழெட்டு ஃப்ரேமில் மென்மையாக்கினேன். இல்லையென்றால் பாய்சானில் கண்ட துடிப்பு வேறு வழியாக உள்ளே வந்துவிடும்.

நிறம் பொருந்தியும், வளையம் போயும், ஏதோ உறுத்தினால் மேல் பட்டையைப் பாருங்கள். மாடல் கொடுத்த முகம் 256 பிக்சல், ஃப்ரேமில் அதைப் பெரிதாக்கித்தான் வைக்கிறோம். பெரிதாக்கிய படத்தின் முதல் பட்டையில் விவரம் குறைவாகவே இருக்கும். டூப்பின் காதிலும் கழுத்திலும் கேமராவின் கிரெய்ன் என்னும் நுண்புள்ளி இரைச்சல் ஓடிக்கொண்டிருக்க, முகத்தில் மட்டும் அது அடங்கிப்போகும். எந்தக் கலவையாலும் இதை மறைக்க முடியாது, இல்லாத விவரத்தை மாஸ்க் கொண்டுவராது. ஆனால் பிரமிட் இதை அளந்து காட்டும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டு படங்களின் முதல் பட்டையிலும் நெற்றியின் வெற்றுத் தோலில் ஒரு சதுரம் எடுத்து, நியமவிலக்கத்தை ஒப்பிடுங்கள். முகத்தில் அது பாதியாக இருந்தால், குறைகிற அளவுக்குக் கிரெய்னை முகத்தின் மேல் சேர்த்தால் போதும். முதல் பட்டையை டூப்பிடமிருந்தே எடுத்துவிடலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். டூப்பின் இமைமுடிகள் நடிகரின் கண்ணுக்கு மேலே தனியாக மிதந்தன.

எழுதும்போது விழும் ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். பட்டைகளில் எதிர்மதிப்புகள் இருக்கும். எட்டு பிட் படங்களை `cv2.subtract` கொண்டு கழித்தால், எதிர்மதிப்பெல்லாம் பூச்சியமாக வெட்டப்படும். சுற்றியுள்ளதை விட இருண்ட மெல்லிய கோடுகள் அத்தனையும், இமைமுடி, உதட்டுப் பிளவு, கண்விளிம்பு எல்லாம் வெளிறிவிடும். முகம் மெழுகில் செய்தது போல ஆகும், பார்ப்பவர் மாடலைக் குறை சொல்வார். மாஸ்க் முழுவதும் பூச்சியம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அடிப்படம் அப்படியே திரும்பி வர வேண்டும். ஒரு மதிப்புக்கு மேல் எங்கேனும் வேறுபட்டால் பிரமிடே தவறு, கலவையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மேலே உள்ள நிரலில் `float32`-ஆக மாற்றியதும், கடைசியில் மட்டும் வெட்டியதும் இதற்காகத்தான்.

வேகத்தைப் பொறுத்தவரை மூன்றுமே 512 சதுரத்தில் தாங்கும். அது முடிவைத் தீர்மானிக்காது.

அப்படியானால் எப்போது எது? அசையாத ஒற்றைப் படம், எல்லை முழுக்கத் தோல், நிற வித்தியாசம் பெரிது என்றால் பாய்சான். முகம் மிகச் சிறியது என்றாலோ, முகத்தின் குறுக்கே கை, மைக், முடி ஏதாவது வந்து மாஸ்க் அதன் விளிம்போடு ஒட்டி ஓட வேண்டியிருந்தாலோ இரண்டு மூன்று பிக்சல் ஃபெதரிங். ஏனென்றால் அங்கே ஓரத்துக்கு இடமே இல்லை. பிரமிடின் அடித்தட்டு கையின் நிறத்தைக் கன்னத்திலும், கன்னத்தின் நிறத்தைக் கையிலும் பூசிவிடும். ஓரம் தோலில் தாராளமாக ஓடும் மற்ற வீடியோ ஷாட்களுக்கெல்லாம் பிரமிட். தாடையின் வடிவமே பொருந்தாமல் டூப்பின் தாடை வெளியே எட்டிப் பார்த்தால் மூன்றுமே உதவாது. அதை முகத்தைப் பொருத்தும் கட்டத்திலோ, பின்னணியை வரைந்து மறைத்தோதான் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் படிக்கட்டு ஷாட்டில் கடைசியாக நின்ற அமைப்பு இது: லேப் நிறப் பொருத்தம், 20 பிக்சல் அரித்த மாஸ்க், வெளியே அடிப்படம் நிரப்பியது, நான்கு அடுக்கு, அதன் மேல் கிரெய்ன். 36-இல் 30 ஃப்ரேம் இதில் முடிந்தன. மீதி ஆறில் டூப் நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்குகிறார். அந்த ஆறில் முகத்தை வழக்கம்போலப் பிரமிடில் ஒட்டி முடித்து, அப்புறம் கையை மட்டும் மூலப்படத்திலிருந்து வெட்டி, இரண்டு பிக்சல் ஃபெதரிங்கில் மேலே வைத்தேன்.